நாலு கட்டமும் ரெண்டு பெட்டியும்

அன்புள்ள ஐயா,

நேற்று போட்ட சுடோகுவில் ஒரு சந்தேகம். 1, 3 வரிசைகள், 2, 7 நெடுவரிசைகள் வெட்டிக்கொள்ளும் நாலு கட்டங்களில், மூன்றில் 4, 9 மட்டும்தான் வர முடியும். 3-ஆம் வரிசை 7-ஆம் நெடுவரிசைக் கட்டத்தில் மட்டும் 4, 6, 9. பக்கத்தில் இருந்த நண்பர் எட்டிப் பார்த்துவிட்டு "அங்க 6 போடு" என்றார். சரியாகவும் வந்தது. ஏன் என்று கேட்டால், "இல்லேன்னா ரெண்டு விடை வந்துடும்" என்கிறார். விடை ஒன்றுதான் என்பதை வைத்தே விடையைப் பிடிப்பது கள்ளாட்டம் இல்லையா? இன்று நானும் அதே வித்தையைப் போட்டுப் பார்த்தேன். 2, 6 வரிசைகள், 3, 8 நெடுவரிசைகள். மூன்று கட்டங்களில் 1, 5. நாலாவதில் 1, 5, 8. நம்பி 8 போட்டேன், பாதியில் இடித்துவிட்டது. எங்கே தப்பு?

அன்புடன்,
எஸ். கே.

அன்புள்ள எஸ். கே.,

உங்கள் நண்பர் சொன்னது சரி. ஆனால் அவர் காரணத்தின் கடைசி வரியை மட்டும் சொல்லிவிட்டு நடுவில் இருப்பதை விழுங்கிவிட்டார். இன்று நீங்கள் வழுக்கியதும் அந்த நடுவில்தான்.

நேற்றைய கட்டங்களை ஒரு தடவை எழுதி வைத்துக்கொள்வோம்.

```
             நெடு 2      நெடு 7
வரிசை 1      4 9         4 9
வரிசை 3      4 9         4 6 9
```

6 வேண்டாம், கடைசிக் கட்டத்தில் 4-தான் என்று வைத்துப் பாருங்கள். உடனே அதன் இடப்பக்கத்துக் கட்டம் 9 ஆகும், அதற்கு மேலே 4, மேல் வரிசையின் மற்ற மூலையில் 9. ஒரு மூலைவிட்டத்தில் ரெண்டு 4, இன்னொன்றில் ரெண்டு 9. மீதி 77 கட்டங்களையும் தப்பில்லாமல் நிரப்பி முடித்துவிட்டதாகவே கற்பனை செய்துகொள்ளுங்கள். இப்போது ரப்பரை எடுத்து இந்த நாலு கட்டங்களை மட்டும் அழித்து, 4 இருந்த இடத்தில் 9, 9 இருந்த இடத்தில் 4 என்று மாற்றி எழுதுங்கள். 1-ஆம் வரிசையில் முன்பும் ஒரு 4, ஒரு 9, இப்போதும் அதே. 3-ஆம் வரிசைக்கும் அப்படியே. 2-ஆம் நெடுவரிசையில் மேலிருந்தது கீழே போயிருக்கிறது, கீழிருந்தது மேலே வந்திருக்கிறது, அவ்வளவுதான். 7-ஆவதிலும் அதே கதை. இடது மேல் பெட்டிக்குள் நடந்ததும் இடமாற்றம் மட்டுமே, வலது மேல் பெட்டியிலும் அப்படித்தான். மற்ற 77 கட்டங்களுக்கு இங்கே ஏதோ நடந்தது என்ற சேதியே போகாது.

அதாவது 4 போட்டு ஒரு முழு விடை கிடைத்திருந்தால், அதே விடையின் இரட்டைப் பிறவியாக 9 போட்ட விடையும் கிடைத்தே தீரும். எதை எடுப்பது என்று சொல்ல புதிரில் எந்தத் தடயமும் இருக்காது. நாலில் ஒன்றாவது அச்சிலேயே வந்த எண்ணாக இருந்திருந்தால் அது முடிவு செய்திருக்கும். இங்கே நாலுமே காலிக் கட்டங்கள். இந்த நாலு மூலை அமைப்பைத்தான் 'டெட்லி பேட்டர்ன்' என்கிறார்கள். ஒரே விடை உள்ள புதிரின் விடையில் இது இருக்கவே முடியாது. ஆகவே உங்கள் நாலாவது கட்டத்தில் 4-ம் இல்லை, 9-ம் இல்லை.

இதில் ஒரு விஷயம் பலருக்கும் உறைப்பதில்லை. உங்கள் புதிர் ஒழுங்கான புதிர் என்றால், அங்கே 4 போட்டு விளையாடியிருந்தாலும் ரெண்டு விடை வந்திருக்காது. எங்கோ ஒரு மூலையில் இடித்திருக்கும். 4 கூடாது என்பதற்கு வரிசை, நெடுவரிசை, பெட்டி வழியாகவே ஒரு காரணம் புதிருக்குள் எங்கேயோ இருக்கிறது. அது பத்துப் படி தள்ளி இருக்கலாம், இருபது படி தள்ளியும் இருக்கலாம். நண்பர் அந்தப் படிகளை ஏறவில்லை. அப்படி ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு தாண்டிவிட்டார்.

சரி, இன்றைய 8-க்கு வருகிறேன். மேலே இடமாற்றம் செய்தபோது பெட்டிகள் தப்பித்தது எப்படி என்று பாருங்கள். 1-ஆம் வரிசையும் 3-ஆம் வரிசையும் ஒரே மூன்று வரிசைப் பட்டையில் இருப்பதால் நாலு கட்டங்களும் ரெண்டே பெட்டிக்குள் அடங்கின. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு 4, ஒரு 9. நீங்கள் எடுத்ததோ 2-ஆம் வரிசையும் 6-ஆம் வரிசையும். 3, 8 நெடுவரிசைகளோடு சேர்த்தால் நாலு கட்டமும் நாலு வெவ்வேறு பெட்டியில் விழுகின்றன. இடது மேல் பெட்டியில் உங்கள் செவ்வகத்தின் ஒரே ஒரு மூலைதான் இருக்கிறது. அதில் 1 இருந்து, அதை 5 ஆக்கினால், அந்தப் பெட்டியில் வேறெங்கோ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் 5-ஓடு மோதும், 1 காணாமலும் போகும். இடமாற்றம் நடக்காது என்றால் ரெண்டாவது விடை இல்லை. ரெண்டாவது விடை இல்லை என்றால் 1, 5-ஐ விலக்க ஒரு நியாயமும் இல்லை. நாலு பெட்டியில் விரியும் செவ்வகம் பார்க்கத்தான் அழகு. 8-ஐயும் அதற்குப் பிறகு அதை நம்பி எழுதியதையும் அழித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் மூன்று பென்சில் எண்களையும் திரும்பப் போட்டு வையுங்கள்.

இன்னொரு தப்பு, நீங்கள் இன்னும் செய்யாதது. நாலு கட்டங்களில் மூன்றை ஏற்கெனவே நிரப்பியிருக்கிறீர்கள், ஒரு மூலைவிட்டத்தின் ரெண்டு முனையிலும் 9, மீதி மூலையில் 4. காலியாக இருக்கும் நாலாவதில் 4, 6 என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்றும் உங்கள் கையால் எழுதியவை என்றால் மேலே சொன்ன அதே நியாயம் செல்லும், 4 போனது, 6 நின்றது. மூன்றில் ஒன்று அச்சில் வந்தது என்றால் செல்லாது, ஏனென்றால் அதை மாற்றி எழுத உங்களுக்கு உரிமை இல்லை. திரையில் ஆடினால் பெரும்பாலும் ரெண்டும் வேறு வேறு நிறத்தில் இருக்கும். தாளில் ஆடுகிறவர்கள் பென்சிலை விட்டுவிட்டுக் கறுப்புப் பேனாவில் எழுதினால் அரை மணி நேரத்தில் எது யாருடையது என்றே தெரியாது. நான் நீலப் பேனா.

கள்ளாட்டமா என்ற கேள்விக்கு என் பதில்: இல்லை. ஆனால் அதை இனாமாகக் கிடைத்த விதி என்றும் நினைக்கக்கூடாது. புதிர் போடுகிறவர் நமக்குத் தருகிற வாக்குறுதி அது. நாலு மூலை மாதிரி தங்களுக்குள் இடம் மாற்றிக்கொள்ளக்கூடிய கூட்டங்கள் ஒரு முழு விடைக்குள் நிறைய இருக்கும். நாலு கட்டம் என்பது அதில் ஆகச் சிறியது, இன்னும் பெரியவையும் உண்டு. ஒரே விடை வேண்டும் என்றால் அப்படிப்பட்ட ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு கட்டத்தையாவது புதிர் போடுகிறவர் அச்சில் கொடுத்தாக வேண்டும். 16 எண்களை மட்டும் கொடுத்து ஒரே விடை உள்ள சுடோகு போட முடியாது, குறைந்தது 17 வேண்டும் என்று 2012-ல் டப்ளினில் கேரி மெக்கையர் குழு கணினியில் சரிபார்த்து அறிவித்தபோது, அவர்கள் தேடலுக்கு அடிப்படையாக இருந்தது இதே கருத்துதான். நம் வித்தை அதைத் தலைகீழாகப் படிப்பது: இந்த நாலு கட்டத்தில் ஒன்றையும் அவர் அச்சில் தரவில்லையே, அப்படியானால் விடையில் இங்கே அந்தக் கூட்டம் இல்லை.

வாக்குறுதி பொய்த்தால் வித்தையும் பொய்க்கும். ஒருமுறை ஒரு பத்திரிகைப் புதிரில் 5, 8 வைத்து இப்படி ஒரு செவ்வகம் பார்த்தேன். நாலாவது கட்டத்தில் கூடுதலாக ஒரு 1. துள்ளிக் குதித்து 1 போட்டேன், பத்து நிமிடத்தில் ஒரே நெடுவரிசையில் ரெண்டு 7. மூன்று தடவை திரும்பிப் பார்த்தும் தப்பு கிடைக்கவில்லை. மறுநாள் விடை வந்தது: அந்த நாலு கட்டத்தில் 5, 8, 8, 5. மாற்றிப் போட்டாலும் சரியாகத்தான் வந்தது! அச்சில் ஒரு எண் விடுபட்டுப் போயிருந்ததாம். அதனால், செவ்வகத்தை நம்பி ஒரு எண் போடும்போது பக்கத்தில் சின்னப் புள்ளி வைத்துவிடுவேன். இடித்தால் முதலில் அங்கே திரும்புவேன். நீங்களே புதிர் போடுகிறவராக இருந்தால் இந்த வித்தையைத் தொடவே கூடாது. ஒரே விடைதானா என்று சோதிப்பதற்கு, ஒரே விடைதான் என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ள முடியாது அல்லவா.

மூலைவிட்ட சுடோகு, கூட்டுத்தொகை பார்க்கும் கில்லர் சுடோகு மாதிரி கூடுதல் விதி உள்ளவற்றில் இன்னும் கவனம். செவ்வகத்தின் ஒரு மூலை மட்டும் மூலைவிட்டத்திலோ ஒரு கூட்டுத்தொகைக் கூண்டிலோ மாட்டினால், இடமாற்றம் அங்கே விதியை உடைத்துவிடும். அப்புறம் அது டெட்லி இல்லை.

கடைசியாக, நண்பரை நீங்கள் மடக்க ஒன்று. மூன்று மூலை சுத்தமாக இருக்கும் செவ்வகம் அடிக்கடி கிடைக்காது. ரெண்டு மூலைதான் சுத்தமாக இருக்கும்.

```
             நெடு 4      நெடு 8
வரிசை 7      2 5         2 5
வரிசை 9      2 5 8       2 3 5
```

பெட்டிகள் ரெண்டுதான், அது சரி. இப்போது 9-ஆம் வரிசையை மட்டும் முழுக்கப் படியுங்கள். இந்த ரெண்டு கட்டத்தைத் தவிர அந்த வரிசையில் வேறெங்கும் 2 வர இடமில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்த ரெண்டில் ஒன்று 2-தான். மற்றதில் 5 வந்தால் என்ன ஆகும்? 4-ஆம் நெடுவரிசையில் 5, 8-ஆவதில் 2 என்று கீழே விழுந்தால், மேலே 2, 5 என்று தானாக விழும்; நாலு மூலையும் பூர்த்தி. இடம் வலம் மாற்றிப் பார்த்தாலும் அதே கதிதான். ஆகவே கீழே உள்ள ரெண்டு கட்டத்திலிருந்தும் 5-ஐ அடித்துவிடலாம். மீதி 2, 8 ஒன்றில், 2, 3 இன்னொன்றில். வேடிக்கை என்னவென்றால், உதிரி எண்களான 8-ம் 3-ம் என்ன எண்கள் என்பதே இங்கே பொருட்டில்லை. ஒரே கட்டத்தில் இன்னும் ரெண்டு உதிரி எண் சேர்ந்திருந்தாலும் 5 போயே தீரும்.

நான் இதை எப்படித் தேடுகிறேன் என்றால், ஒரே வரிசையில் வெவ்வேறு பெட்டிகளில் உள்ள ரெண்டு கட்டங்களில் ஒரே ஜோடி பென்சில் எண் தெரிந்ததும், முதலில் அதே பட்டையில் உள்ள மற்ற ரெண்டு வரிசைகளை மட்டும் பார்ப்பேன். அங்கே அதே நெடுவரிசைகளில் அந்த ஜோடி ஒளிந்திருக்கிறதா? இல்லை என்றால் பட்டையைத் தாண்டித் தேடப் போவதில்லை. நெடுவரிசையில் ஜோடி தெரிந்தால் இதையே திருப்பிப் போட்டுத் தேடலாம்.