30 சதவீதத்தில் அணைந்துபோகும் போன்: அளவைத் திருத்தினால் சரியாகுமா?

"மூணாறு – டாப் ஸ்டேஷன் சாலையில் ஜீப் ஓட்டுகிறேன். நான்கு வருடமாக வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போனில் சார்ஜ் 42-இல் இருந்து திடீரென்று 18-க்கு விழுகிறது. பயணிகளுக்குப் படம் எடுத்துக் கொடுக்கும்போது 30 சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்துவிடுகிறது. சார்ஜரில் மாட்டி ஆன் செய்தால் 27 காட்டுகிறது. கடைக்காரர், போர்டில் மின்சாரத்தைக் கையாளும் ஐ.சி. சில்லு போய்விட்டது, 2,800 ரூபாய் ஆகும் என்கிறார். சார்ஜ் காட்டும் அளவைச் சரிசெய்யும் செயலி ஒன்றைப் போட்டாலே போதும் என்கிறான் தம்பி. எதைச் செய்வது?"

இரண்டையும் செய்ய வேண்டாம். உங்கள் போனில் கெட்டிருப்பது பெரும்பாலும் பேட்டரிதான். அதை மாற்றிய பிறகு ஒரு முறை அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். அந்த வரிசையை மாற்றினால் பணமும் நேரமும்தான் வீணாகும்.

பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் மிச்சம் இருக்கிறது என்பதை நேரடியாகப் பார்க்க எந்தப் போனாலும் முடியாது. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஒரு சில்லு எண்ணிக்கொண்டே இருக்கும். அவ்வப்போது வோல்ட் அளவைப் பார்த்துத் தன் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளும். பேட்டரி புதிதாக இருந்தபோது 5,000 மில்லி ஆம்பியர் மணி கொண்டது என்றால், அந்த எண்ணை வைத்துத்தான் சதவீதம் வரும். நான்கு வருடத்தில் பேட்டரி 3,500-க்குச் சுருங்கியிருக்க, சில்லு அதை முழுதாக அறியாமல் பழைய கணக்கிலேயே போய்க்கொண்டிருக்கலாம். வோல்ட் அளவைப் பார்த்துத் தவறு தெரிந்ததும் ஒரே தாவலாக எண்ணைத் திருத்தும். உங்கள் போனில் 42 சடாரென்று 18 ஆவது அப்படித்தான். இது எண்ணிக்கைக் கோளாறு. திருத்தக்கூடியது.

30-இல் அணைவது வேறு கதை. அங்கே எண் பொய் சொல்லவில்லை. பேட்டரி மூப்படையும்போது, மின்சாரம் வெளிவருவதைத் தடுக்கும் அதன் உள்மின்தடை ஏறிவிடுகிறது. உங்கள் ஜீப்பில் டேங்கில் டீசல் இருந்தும், குழாய் அடைத்துக்கொண்டால் ஏற்றத்தில் இன்ஜின் இறைத்து நின்றுவிடும் அல்லவா, அதே நிலைமைதான். 30 சதவீதத்தில் சும்மா இருக்கும் பேட்டரி ஏறக்குறைய 3.7 வோல்ட் காட்டும். கேமரா, பிளாஷ், திரை வெளிச்சம், சிக்னல் தேடல் எல்லாம் சேர்ந்து ஒரு கணம் 2 ஆம்பியர் கேட்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உள்மின்தடை 0.1 ஓம் என்றால் 0.2 வோல்ட் இறங்கும், 3.5 மிஞ்சும், போன் தாங்கும். அதுவே 0.25 ஓமாக ஏறியிருந்தால் அரை வோல்ட் இறங்கி 3.2 ஆகிவிடும். அந்த அளவுக்கு வந்ததும், தகவல்கள் கெடாமல் இருக்கப் போன் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அணைந்ததும் சுமை போய்விடுகிறது, வோல்ட் மீண்டும் ஏறுகிறது. அதனால்தான் மறுபடி ஆன் செய்ததும் 27 காட்டுகிறது. அந்த 27 உண்மையான மின்சாரம், ஆனால் கேட்ட வேகத்தில் கொடுக்க பேட்டரிக்குச் சக்தியில்லை. 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம், பழைய பேட்டரி உள்ள ஐபோன்கள் இப்படி அணைந்துவிடாமல் இருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்ததை ஒப்புக்கொண்டது. குறை பேட்டரியில்தான் என்பது போன் தயாரிப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

உங்கள் சாலைக்கு இதில் தனிப் பங்கு உண்டு. டாப் ஸ்டேஷன் பக்கம் கேரள கோபுரமும் தமிழ்நாட்டு கோபுரமும் மாறி மாறிப் பிடிக்கும், நடுவே எதுவும் கிடைக்காத வளைவுகளும் உண்டு. சிக்னல் மங்கும் இடத்தில் போன் தன் முழு வலுவையும் கொட்டிக் கத்தும். அந்த நேரத்தில் கேமராவையும் திறந்தால் தளர்ந்த பேட்டரிக்கு அதுவே கடைசி அடி. பேட்டரி மாற்றும் வரை படம் எடுக்கும் முன் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். அணைவது குறையும்.

நான் சொல்வதை நம்பிப் பணம் கட்டும் முன் நீங்களே சோதித்துப் பாருங்கள். வீட்டுக்குள், வெயில் ஏறிய நேரத்தில், போனை முழுதாகச் சார்ஜ் செய்து ஏரோப்ளேன் மோடில் போட்டு, சேமித்த வீடியோ ஒன்றை மிதமான வெளிச்சத்தில் ஓடவிடுங்கள். இந்தச் சிறு சுமையில் போன் 5 சதவீதம் வரை சீராக இறங்கி, சாலையில் மட்டும் 30-இல் அணைகிறது என்றால் பெரும்பாலும் பேட்டரிதான் தளர்ந்துவிட்டது. எந்தத் திருத்தமும் அதைக் காப்பாற்றாது. மாறாக வீட்டிலேயே எண் தாவித் தாவி விழுந்து, அணைந்தபின் ஆன் செய்தால் 0 அல்லது 1 மட்டும் காட்டுகிறது என்றால் எண்ணிக்கைதான் தவறு. அப்படிப்பட்ட போனுக்கு அளவைத் திருத்துவது பலன் தரும்.

வெயில் ஏறிய நேரம் என்று சொன்னதைத் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். மலையில் இருப்பவர்கள் தவறாமல் ஏமாறுவது இங்கேதான். குளிரில் நல்ல பேட்டரிக்கும் உள்மின்தடை ஏறும். மூணாறைச் சுற்றியுள்ள தோட்டங்களில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் உறைபனி விழுகிறது. அந்த நேரத்தில் ஜீப்பின் டேஷ்போர்டில் கிடந்த போன் 30-இல் அணைந்தால் அதை வைத்துப் பேட்டரியைக் குற்றம் சொல்ல முடியாது. அதே போன் உச்சிப்பொழுதில் சட்டைப் பையில் இருந்து எடுக்கும்போதும் அணைகிறதா என்று பாருங்கள். பகலில் நன்றாக ஓடி, பனியில் மட்டும் அணைந்தால் எதையும் மாற்ற வேண்டாம். விடியற்காலைச் சவாரிக்குப் போனை உடம்போடு ஒட்டிய பையில் வைத்திருங்கள், போதும். குளிர்ந்த போனை அடுப்பருகே வைத்துச் சூடேற்றாதீர்கள், உறைகுளிரில் சார்ஜும் போடாதீர்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். பருவம் தெரியாமல், ஜனவரியில் கேட்டவருக்கெல்லாம் பேட்டரி விற்கும் கடைகளைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்தச் செயலியை விட்டுவிடுங்கள். அவ்வகைச் செயலிகள் `batterystats.bin` என்ற கோப்பை அழிப்பதாகச் சொல்கின்றன. ஆண்ட்ராய்டை உருவாக்கியவர்களில் ஒருவரான டயான் ஹேக்பார்ன், அந்தக் கோப்புக்கும் திரையில் காட்டும் சதவீதத்துக்கும் தொடர்பே இல்லை என்று 2012-லேயே எழுதிவிட்டார். எந்தச் செயலி எவ்வளவு மின்சாரம் எடுத்தது என்ற பட்டியல்தான் அதில் இருக்கிறது. சதவீதம் கணக்கிடும் சில்லை எந்தச் செயலியும் தொட முடியாது.

ஐ.சி. போய்விட்டது என்ற பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். சார்ஜ் ஏறாமல் இருந்தாலோ, போன் சும்மா இருக்கும்போதே கொதித்தாலோ அந்தச் சந்தேகம் நியாயம். உங்கள் போன் நன்றாகச் சார்ஜ் ஏறுகிறது. பேட்டரியை அளந்துகூடப் பார்க்காமல் ஐ.சி. என்பவரிடம், "முதலில் வேறு பேட்டரி மாட்டி கேமராவைத் திறந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். மறுத்தால் போனை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பேட்டரியும் கூலியும் சேர்த்துப் பெரும்பாலும் அவர் கேட்ட தொகைக்கு வெகு கீழேயே முடியும்.

ஆனால் பேட்டரியிலேயே அடுத்த பொறி இருக்கிறது. உறையில் 7,000 என்று அச்சடித்து, பழைய 5,000-இன் அதே அளவில், அதே எடையில் விற்பார்கள். அச்சில் எண் கூடுவதால் பேட்டரிக்குள் மின்சாரம் கூடிவிடாது. உங்கள் போனுக்கு நிறுவனம் கொடுத்த எண்ணைவிட அதிகமாகப் போட்டிருந்தாலே அதைத் தொடாதீர்கள். இந்தியாவில் விற்கும் போன் பேட்டரியின் மேல் IS 16046 என்ற குறியும், R- என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் BIS Care செயலியில் தட்டிப் பார்த்தால், யார் தயாரித்தது, எந்த வகைப் பொருளுக்காகப் பதிவானது என்பது தெரியும். பேட்டரிக்குப் பதிலாகச் சார்ஜரின் பதிவு வந்தால் அந்தப் பேட்டரி போலி. மாட்டுவதற்கு முன்பே, கடையில் நின்றுகொண்டே பாருங்கள்.

நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். போகலாம், ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டு மலையிறங்கி. அங்கே நான்கு வருடப் போனுக்குப் பேட்டரி இருப்பில் இல்லை என்பார்கள், இல்லையென்றால் போர்டையே மாற்றச் சொல்வார்கள். பழுதுநீக்கும் உரிமைக்கென்று நம் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் இணையதளம் திறந்தது. இணையதளம் வந்தது, மலையில் பேட்டரி வரவில்லை. கருவிகளின் பேட்டரியைப் பொதுவாகப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி 2027 பிப்ரவரி முதல் செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் போட்டது. இங்கே பசையை உருக்கிப் போனைப் பிளக்க ஒரு கடைக்காரரின் தயவு தேவைப்படுகிறது.

புதுப் பேட்டரி மாட்டியதும் அளவைத் திருத்துங்கள். சில்லு இன்னும் பழைய பேட்டரியின் கணக்கையே வைத்திருக்கலாம், அதனால் முதல் வாரத்தில் எண் தாவுவதைப் பார்த்துப் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். முதலில் போனை இடையில் சார்ஜ் போடாமல், தானாக அணையும் வரை பயன்படுத்துங்கள். ஒரு முறை ஆன் செய்து பாருங்கள், மீண்டும் அணையட்டும். பிறகு அணைந்த நிலையிலேயே நிறுவனச் சார்ஜரில் மாட்டி, இடையில் எடுக்காமல் 100 வரை ஏற்றி, அதன்பின் இன்னும் ஒரு மணி நேரம் மாட்டியே வையுங்கள். ஆன் செய்ததும் 100 இல்லையென்றால், 100 காட்டும் வரை சார்ஜ் போடுங்கள். அடுத்து மறுபடியும் முழுதாக இறக்கி, முழுதாக ஏற்றுங்கள். இறங்கும் முனையையும் ஏறும் முனையையும் பார்த்த சில்லு, இடையில் ஓடிய மின்சாரத்தை எண்ணித் தன் கணக்கைப் புதுப்பித்துக்கொள்ளும்.

இதைப் பழக்கமாக்காதீர்கள். முழுதாக வற்றவிடுவது லித்தியம் பேட்டரிக்குக் கேடு. எண் மீண்டும் தாவினால் மட்டும் செய்தால் போதும். வற்றிய போனை இரண்டு மூன்று நாள் அப்படியே போட்டு வைக்கவும் கூடாது, பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டு சார்ஜே ஏறாமல் போகலாம். பின்மூடி புடைத்திருந்தாலோ, திரை ஓரத்தில் இடைவெளி விட்டிருந்தாலோ இந்தச் சோதனை எதையும் செய்யாதீர்கள். அன்றே சார்ஜ் போடுவதை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள்.

பதிவு எண் சரியாக உள்ள பேட்டரி மாட்டி, இரண்டு முறை முழுதாக இறக்கி ஏற்றிய பிறகும், பகல் வெப்பத்தில் 30-இல் கேமராவைத் திறந்ததும் அணைகிறது என்றால்தான் போர்டைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது அந்த 2,800 ரூபாயைப் பற்றிப் பேசலாம், அதுவும் வேறொரு கடையில்.