வீட்டுக் கடன்: விற்பவர் கையிலிருந்துதான் வர வேண்டிய காகிதங்கள் எவை?

கேள்வி: முதன்முறையாக வீடு வாங்குகிறோம். பழைய தனி வீடு, விலை 60 லட்சம். விற்பவரின் அப்பா 1988-இல் மனையாக வாங்கி வீடு கட்டியிருக்கிறார். அவர் 2012-இல் தவறிவிட்டார். 2014-இல் அண்ணனும் தங்கையும் இவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அம்மா இவருடன்தான் இருக்கிறார். 2016-இல் வீட்டின் பேரில் வாங்கிய கடனில் இன்னும் 18 லட்சம் பாக்கி. "டாக்குமென்ட் எல்லாம் பேங்க்ல இருக்கு, அஞ்சு லட்சம் அட்வான்ஸ் கொடுங்க, அப்புறம் ஜெராக்ஸ் வாங்கித் தர்றேன்" என்கிறார். எங்கள் வங்கியோ ஒரு நீளமான பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டது. இதில் நாங்கள் தர வேண்டியது எது, அவர் தர வேண்டியது எது?

பதில்: பணம் கொடுப்பதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. ஆனால் வரிசை தலைகீழாக இருக்கிறது: ஜெராக்ஸ் முதலில், அட்வான்ஸ் பிறகு.

வங்கி தந்த பட்டியலைப் பார்த்து மிரள வேண்டாம். அதில் பாதி உங்களைப் பற்றியது: ஆதார், பான், சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம். ஒரு வாரத்தில் சேர்த்துவிடலாம். கடன் சிக்குவது பெரும்பாலும் இந்தப் பாதியில் இல்லை, வீட்டைப் பற்றிய மறுபாதியில்தான். அந்த மறுபாதியையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடியவை, விற்பவர் மட்டுமே தர முடிந்தவை.

முதல் வகைக்கு அவரைக் கெஞ்ச வேண்டியதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயரும் சர்வே எண்ணும் தெரிந்தால் tnreginet.gov.in தளத்தில் வில்லங்க விவரத்தை நீங்களே கட்டணமில்லாமல் பார்க்கலாம். வங்கிக்குக் கையொப்பமிட்ட சான்று வேண்டுமென்றால் கட்டணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். பட்டாவை eservices.tn.gov.in தளத்தில் பார்க்கலாம். பதிவான பத்திரங்களின் சான்றிட்ட நகலுக்கும் நீங்களே மனுப் போடலாம். இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர் வாயால் சொன்ன கதையும் வில்லங்கத்தில் இருக்கும் பதிவுகளும் ஒத்துப்போகின்றனவா என்று ஒரு பைசா கொடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

உங்கள் விஷயத்தில் 1988-இலிருந்து வில்லங்கத்தில் மூன்று பதிவுகள் வர வேண்டும். 1988-இல் அப்பா பெயருக்குக் கிரயம். 2014-இல் விடுதலைப் பத்திரம். 2016-இல் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கான பதிவு, வங்கிக்காரர்கள் 'எம்ஓடி' என்பார்களே, அது. இதற்கு மேல் நாலாவதாக ஒன்று இருந்தால் அது என்னவென்று கேட்க வேண்டும். வில்லங்கத்தை 1988-க்கு முன்பிருந்தே போட்டுப் பாருங்கள். பொதுவாக வங்கி வழக்கறிஞர்கள் குறைந்தது 30 ஆண்டுகளுக்கான தொடர்ச்சியைக் கேட்பார்கள். அப்பாவுக்கு விற்றவருக்கு அந்த மனை எப்படி வந்தது என்பதைக் காட்டும் தாய்ப் பத்திரத்தையும் கேட்பார்கள்.

இனி அந்த 2014 பத்திரம். அதில் உங்கள் விரல் கொஞ்சம் நிற்கட்டும். எழுதிக் கொடுத்தவர்கள் என்ற இடத்தில் யார் யார் பெயர் இருக்கிறது? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அண்ணனும் தங்கையும் மட்டும். அம்மா?

அவர்கள் இந்துக்களாக இருந்து, அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தாக இருந்து, உயில் எதுவும் எழுதாமல் இறந்திருந்தால், அந்தச் சொத்து மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். அதாவது ஆளுக்குக் கால் பங்கு. அண்ணனும் தங்கையும் விட்டுக்கொடுத்ததால் விற்பவரிடம் இருப்பது முக்கால் பங்குதான். மீதிக் கால் பங்கு அம்மாவுடையது. ஒரே வீட்டில் இருக்கிறார், மகன் விற்பதில் அவருக்குச் சம்மதம்தான் என்பதெல்லாம் சட்டத்தின் கண்ணில் கையெழுத்து ஆகாது. இன்னொருவரையும் பலர் மறந்துவிடுவார்கள்: இறந்தவரின் தாய். 2012-இல் பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசுதான், பங்கு ஐந்தாகிவிடும். அவர் பிறகு காலமாகியிருந்தால் அந்தப் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போயிருக்கும், அத்தை சித்தப்பாக்கள் உட்பட. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பமென்றால் பங்குக் கணக்கே வேறு. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இதேதான்.

"அந்த பேங்க் இதையெல்லாம் பார்த்துத்தானே கடன் கொடுத்தது" என்று அவர் சொல்லலாம். அம்மாவையும் கடனில் இணைத்துக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், அவர்களுக்கு அது போதும். உங்களுக்குப் போதாது. உங்கள் வங்கி வழக்கறிஞர் இதில்தான் கை வைப்பார். அம்மா உயிரோடு இருப்பதால் தீர்வு கஷ்டமில்லை. கிரயப் பத்திரத்தில் மகனோடு அவரும் விற்பவராகக் கையெழுத்துப் போட்டால் சரி. பாட்டியின் பங்கு கிளம்பினால்தான் பேச்சு நீளும். எனவே அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் விற்பவரிடம் முதலிலேயே கேளுங்கள். வாரிசுச் சான்றிதழ் அவரிடமிருந்துதான் வர வேண்டும், உங்களால் மனுப் போட்டு வாங்க முடியாது. பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால் அதை மாற்றிக்கொடுப்பதும் அவர் வேலை.

அடுத்து, வங்கியில் தூங்கும் அசல் பத்திரங்கள். அவருடைய கடனைப் பற்றி நீங்கள் போய்க் கேட்டால் அந்த வங்கி வாய் திறக்காது, கணக்கு அவருடையது. ஆகவே அவர்தான் எழுதிக் கொடுத்து இரண்டு கடிதங்கள் வாங்க வேண்டும். ஒன்று, அந்த வங்கி எந்தெந்த அசல் பத்திரங்களை வைத்திருக்கிறது என்ற பட்டியல். 1988 கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், விடுதலைப் பத்திரம், கட்டட வரைபடம் எல்லாம் அதில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தாய்ப் பத்திரம் அதில் இல்லை, அவரிடமும் இல்லை என்றால் அது தொலைந்த கதை. காவல் நிலையத்தில் புகார், பத்திரிகையில் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று என்று மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டாவது கடிதம், இன்ன தேதிக்குள் இவ்வளவு கட்டினால் கடன் முடியும் என்ற தொகை விவரம். இதற்குத் தேதிக் கெடு உண்டு, தாண்டினால் புதிதாக வாங்க வேண்டும். இந்த இரண்டு கடிதங்களோடு, வங்கியிடமே உள்ள அசல்களின் ஜெராக்ஸையும் வாங்கித் தரச் சொல்லுங்கள். உங்கள் வங்கியின் சட்டக் கருத்துக்கு ஆரம்பத்தில் ஜெராக்ஸே போதும்.

பணம் எப்படிப் போகும் என்று பார்ப்போம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. மதிப்பீட்டாளரும் 60 லட்சம் என்றே எழுதினால் 48 லட்சம் கடன், 12 லட்சம் உங்கள் கைப்பணம். முத்திரைத்தாள், பதிவுச் செலவு இதில் சேராது, தனியாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 48 லட்சத்திலிருந்து 18 லட்சத்தை அவருடைய கடன் கணக்கு எண்ணுக்கே நேராகக் காசோலையாகக் கொடுக்கும்படி உங்கள் வங்கியிடம் கேளுங்கள். பல வங்கிகள் இப்படிச் செய்யும். அவருடைய சேமிப்புக் கணக்கில் போட்டு, அவர் கட்டுவார் என்று காத்திருக்கும் ஏற்பாட்டுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கடன் முடிந்ததும் பழைய வங்கியிடமிருந்து அவர் வாங்கித் தர வேண்டியவை: அசல் பத்திரங்கள், பாக்கி இல்லை என்ற சான்று, அப்புறம் பலரும் கோட்டை விடுகிற ரசீது ஆவணம். 2016-இல் ஒப்படைப்பைப் பதிவு செய்தார்கள் அல்லவா, அது முடிந்தது என்று வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து கொடுப்பதுதான் இது. பாக்கி இல்லை என்ற கடிதம் கையில் இருந்தாலும், ரசீது பதிவாகும்வரை வில்லங்கத்தில் அந்தப் பழைய கடன் நின்றுகொண்டேதான் இருக்கும். கடன் முழுதும் கட்டிய 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் உள்ள விதி. அதனால் விற்பனை ஒப்பந்தக் காலத்தை 45 நாள் என்று சுருக்கமாகப் போடாதீர்கள். மூன்று மாதம் கேளுங்கள்.

கட்டடம் பற்றி ஒன்று. 1988 பத்திரம் மனைக்கு மட்டும்தான். வீட்டுக்கு ஆதாரம் அனுமதி பெற்ற வரைபடமும் சொத்து வரி ரசீதும். வரைபடத்தில் தரைத்தளம் மட்டும் இருந்து, மேலே மாடி நின்றால், பல வங்கிகளின் மதிப்பீட்டாளர்கள் அந்த மாடியைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். மதிப்பு குறையும், அதற்கேற்பக் கடனும் குறையும், வித்தியாசம் உங்கள் தலையில் விழும். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள், அரைமணி நேர வேலை.

இவ்வளவும் கையில் வந்த பிறகு அட்வான்ஸ். அதுவும் ஐந்து லட்சம் எதற்கு, சிறு தொகை போதும். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும், வெறும் முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொள்வது போதாது. அம்மாவையும் அதில் ஒரு தரப்பாகச் சேருங்கள். விற்பவர் தர வேண்டிய ஆவணங்களைப் பெயர் சொல்லி அதிலேயே எழுதுங்கள். அவர் தரப்புக் காகிதம் இல்லாததால் கடன் நிராகரிக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுவதும் இத்தனை நாளில் திரும்ப வரும் என்ற ஒரு வரியும் இருக்கட்டும். அந்த வரிக்கு மறுப்புச் சொன்னால், ஏன் மறுக்கிறார் என்று யோசியுங்கள்.

கடைசியாக அவருடைய பான் அட்டை, அம்மாவுடையதும்தான். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் ஒரு சதவீத வரியை, இங்கே 60,000 ரூபாயை, நீங்கள் பிடித்து அவர்கள் பெயரில் வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். விற்பவர் இருவர் என்றால் அவரவர் பங்குக்கு ஏற்பப் பிரித்துக் கட்ட வேண்டும். இருவரில் யாராவது வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் இந்த ஒரு சதவீதக் கணக்கு பொருந்தாது, அதிகம் பிடிக்க வேண்டியிருக்கும். அதனால் இதையும் ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.