கீழ்க்கிண்ணக் கல்: ஷொக்வேவா, லேசரா?

"இடது கிட்னியின் அடிப்பக்கத்தில் 12 மி.மீ. கல். ஒரு டொக்டர் ஷொக்வேவ் போதும் என்கிறார், இன்னொருவர் உள்ளே கமரா விட்டு லேசரால் உடைக்கலாம் என்கிறார். கொழும்பில்தான் இருக்கிறேன். எதற்கு ஒத்துக்கொள்ளலாம்?"

நான் டொக்டர் இல்லை, ரேடியோகிராபர். சில வருடங்களாக ஷொக்வேவ் மெசினுக்குப் பக்கத்தில் நின்றுதான் சோறு தின்கிறேன். அப்படியிருந்தும் உங்கள் கல் என் கிட்னியில் இருந்தால் நான் லேசர் பக்கம்தான் சாய்வேன். காரணம் 12 என்ற எண்ணைவிட "அடிப்பக்கம்" என்ற சொல்.

ஷொக்வேவ் உடம்புக்கு வெளியிலிருந்து அதிர்வு கொடுத்துக் கல்லை உடைக்கும், அவ்வளவுதான். உடைந்த தூளை வெளியே கொண்டுபோவது உங்கள் சிறுநீரின் வேலை. கிட்னிக்குள் சிறு கிண்ணங்கள் பல இருக்கின்றன. மேலேயும் நடுவிலும் உள்ளவற்றில் உடைந்த தூள் தானாகச் சரிந்து நடுப்பையில் விழும், அங்கிருந்து குழாய் வழியாக இறங்கிவிடும். கீழ்க்கிண்ணத்துக்கு வாய் மேலே இருக்கிறது. சிரட்டையின் அடியில் கிடக்கும் மணலை, சிரட்டையைக் கவிழ்க்காமல் மேலாக ஓடும் தண்ணீரால் வெளியேற்றப் பார்ப்பது போன்ற வேலை அது. கிண்ணத்தின் கழுத்து நீளமாகவோ ஒடுங்கியோ இருந்தால், அல்லது நடுப்பையோடு சேரும் இடத்தில் கூர்மையாக மடங்கியிருந்தால், இன்னும் மோசம்.

2001இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கீழ்க்கிண்ணத்தில் 10 மி.மீ.க்கு மேற்பட்ட கல்லுக்கு ஷொக்வேவ் செய்த 33 பேரில் மூன்று மாதம் கழித்துக் கல்லே இல்லாமல் இருந்தவர்கள் 7 பேர்தான். சிறிய ஆய்வு, பழையதும்கூட. ஆனால் நான் திரையில் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

என் அத்தானின் கதையைச் சொன்னால் விளங்கும். அக்காவின் கணவர், புறக்கோட்டையில் கடை. காலை எட்டு மணியிலிருந்து கல்லாவில் இருப்பார், தண்ணீர் குடித்தால் கடையை விட்டு எழும்ப வேண்டும் என்று பிளேன்டீயோடு நாளை ஓட்டுகிறவர். 13 மி.மீ. கல், கீழ்க்கிண்ணம். மயக்க மருந்து என்றாலே பயம் என்பதால் ஷொக்வேவைத்தான் கேட்டார். நானும் ஒத்துப் பாடினேன். அது என் பிழை, ஏனென்றால் சி.ரி. றிப்போர்ட்டை நான் அப்போது ஒழுங்காகப் படிக்கவில்லை.

அதில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று கல்லின் அடர்த்தி, எச்.யு. என்று போடுவார்கள். அத்தானுக்கு 1250. ஆயிரத்தைத் தாண்டினால் கல் அதிர்வுக்கு மசியாமல் அடம்பிடிக்கும் என்பது பொதுவான கணக்கு. மற்றது தோலிலிருந்து கல்லுக்கு உள்ள தூரம். அவருக்கு 11 செ.மீ. பத்துக்கு மேல் போனால் அதிர்வு கல்லை அடைவதற்குள் பலம் குறைந்துவிடும். ஆள் கொஞ்சம் பருமன். சில றிப்போர்ட்டில் இந்த இரண்டையும் எழுதவே மாட்டார்கள். கேட்டால் அதே படத்திலிருந்து அளந்து சொல்லலாம், மறுபடி ஸ்கான் தேவையில்லை.

சரி, அன்றைய நாள். 1980இல் மியூனிக்கில் முதல் நோயாளிக்கு இதைச் செய்தபோது ஆளைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கித்தான் அதிர்வு கொடுத்தார்கள். இப்போது ஒரு தண்ணீர்ப் பையும் ஜெல்லும் போதும். அந்த ஜெல்லில் காற்றுக் குமிழி இருந்தால் அதிர்வு அங்கேயே வீணாகும், அதனால் கையால் பரப்பாமல் ஒரே குவியலாக வைத்து மெல்ல அழுத்துவோம். அத்தானுக்கு வலிக்கு ஊசி போட்டு, குறைந்த பலத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினோம். நிமிடத்துக்கு 60 வீதம் 2500 அதிர்வு, நாற்பது நிமிடத்துக்குமேல். "கெதியா அடிச்சு முடியுங்கோவன்" என்று இரண்டு தரம் கேட்டார். கெதியாக அடித்தால் முந்தைய அதிர்வு கல்லைச் சுற்றி எழுப்பிய நுண்குமிழிகள் கலைவதற்குள் அடுத்தது வந்து அவற்றிலேயே மோதிப்போகும். மெதுவாக அடித்தால்தான் கல் நன்றாக உடையும்.

இன்னொரு தொல்லை மூச்சு. மூச்சு இழுக்கக் கிட்னி கீழே போகும், விட மேலே வரும். திரையில் கல் குறுக்குக் கோட்டை விட்டு விலகி விலகித் திரும்பும். "அத்தான், பெரிய மூச்சு எடுக்காதேங்கோ" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. வலி கூடக்கூட மூச்சு பெரிதாகும், மூச்சு பெரிதாகப் பல அடி கல்லில் படாமல் போகும்.

இரண்டு வாரம் கழித்து எக்ஸ்ரே. கல் உடைந்திருந்தது, ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. 7 மி.மீ. துண்டு ஒன்றும் அதைச் சுற்றிக் கொஞ்சத் தூளும் அதே கிண்ணத்தில். இரண்டாம் தடவையும் செய்தோம். பிறகு காலை உயர்த்தித் தலையைத் தாழ்த்திப் படுத்து, அக்காவைக்கொண்டு முதுகில் தட்டச் சொன்னார்கள். கொஞ்சம் மணல் வந்தது. மூன்று மாதத்தில் பார்த்தால் 4, 5 மி.மீ. துண்டுகள் இரண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தன. மூன்றாவது தடவை வேண்டாம் என்று சத்திரசிகிச்சை நிபுணரே சொல்லிவிட்டார். இரண்டு தரம் அடித்தும் நகராததை மூன்றாவது தரம் நகர்த்தும் என்று எதிர்பார்க்க அவருக்குக் காரணம் ஒன்றும் தெரியவில்லை, கிட்னியும் ஒவ்வொரு தடவையும் அடி வாங்குகிறது.

லேசர் என்றால் உடலில் வெட்டு எதுவும் இல்லை. சிறுநீர் போகும் வழியாகவே மெல்லிய கமராக் குழாயை மூத்திரப்பைக்குள் விட்டு, அங்கிருந்து, கிட்னியிலிருந்து சிறுநீர் இறங்கும் யூரேட்டர் வழியாகக் கிட்னிவரை ஏற்றுவார்கள். கிட்னிக்குள் போவதற்கு நுனி வளையும் குழாய் வேண்டும். கீழ்க்கிண்ணம் அதற்கும் சுலபமான இடமில்லை. லேசர் நாரை உள்ளே விட்டதும் குழாய் வளைவது குறைந்துவிடும். அதனால் கைதேர்ந்தவர்கள் சிறு கம்பிக்கூடையால் கல்லைப் பிடித்து மேல்க்கிண்ணத்துக்குத் தூக்கிக்கொண்டுபோய், அங்கே வைத்து உடைப்பார்கள். அத்தானுக்கும் அப்படித்தான் நடந்தது. கல் எவ்வளவு கடினமானாலும் லேசருக்கு முன் நிற்காது, பருமனும் பொருட்டில்லை. துண்டுகளைக் கையோடு எடுத்துவிடலாம், மீதி கண்ணுக்கு முன்னாலேயே தூளாகிவிடும்.

இதை எழுதும்போது லேசரை விற்கிறேன் என்று நினைக்க வேண்டாம். முதல் நாள் அத்தானின் யூரேட்டர் கமராக் குழாயை உள்ளே விடவில்லை, ஒடுக்கம். சிலருக்கு அப்படி வரும். பலவந்தமாகத் தள்ளினால் கிழியும் என்பதால் யூரேட்டருக்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை மட்டும் வைத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் யூரேட்டர் தளர்ந்தது, மறுபடி போனபோது வேலை முடிந்தது. ஆக அவர் பயந்த மயக்க மருந்தை இரண்டு தரம் வாங்கினார். ஸ்டென்டோடு இருந்த நாட்கள் தனிக்கதை. அடிக்கடி முட்டும், மூத்திரம் போகும்போது விலாவில் சுருக்கென்று இழுக்கும், நடந்தால் சிறுநீர் சிவக்கும். கல்லை விட இதுதான் கஷ்டம் என்று அக்காவிடம் முறையிட்டார். இதைப் பற்றி முதலே சொல்லி வைத்தால் பாதிப் பயம் போயிருக்கும்.

இனி எனக்கு வந்தது. 7 மி.மீ., ஆனால் கிட்னியை விட்டு இறங்கி யூரேட்டரின் மேல்ப்பகுதியில் நின்றது. அடர்த்தி 700, நான் ஒல்லி. ஒரே ஒரு ஷொக்வேவ், அன்று மாலையே பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்துவிட்டேன். ஒன்பதாம் நாள் தேநீர் வடியில் பழுப்பு மணல் விழுந்தது. இப்போது அந்த வடி வேறு எதற்கும் பயன்படாது. அத்தானுக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம் கல்லின் அளவில் பாதி, இடத்தில் பாதி. குழாயில் ஏற்கனவே இறங்கிவிட்ட கல்லுக்கு முன்னால் வழி ஒன்று இருக்கிறது. அங்கேயும் 10 மி.மீ.யைத் தாண்டினால் கமராதான் முதல் தெரிவு. மூத்திரப்பைக்குப் பக்கத்தில் கீழே நிற்கும் கல்லும் அப்படியே, கமராவுக்கு அது கைக்கெட்டிய தூரம். அதற்கு மாறாக, கிட்னியில் 20 மி.மீ.க்கு மேல் என்றால் இரண்டையும் விட்டு முதுகில் சிறு துளை போட்டு எடுப்பதையே முதலில் சொல்வார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எச்.யு. ஆயிரத்துக்குக் கீழே, தோலிலிருந்து தூரம் பத்துக்குக் கீழே, கிண்ணத்தின் கழுத்து அகலம் என்று மூன்றும் சாதகமாக இருந்தால் ஷொக்வேவை ஒரு தடவை முயன்று பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. முதலாவதுக்குப் பின் எக்ஸ்ரேயில் கல் விரிசலே காட்டவில்லை என்றால் அதோடு நிறுத்துங்கள். மூன்றில் ஒன்று பிசகினாலும் நேரே லேசருக்குப் போகலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால், அதை நிறுத்த முடியாத நிலையில் ஷொக்வேவ் கிடையாது. கர்ப்பத்திலும் கிடையாது. எக்ஸ்ரேயில் கல் தெரியாமல் சி.ரி.யில் மட்டும் தெரிந்தால் அது யூரிக் அமிலக் கல்லாக இருக்கலாம், மருந்தால் கரைகிற சாதி. அதையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதற்கிடையில் விலா வலியோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் இந்த யோசனை எல்லாம் பின்னால். அடைபட்ட கிட்னியில் கிருமி பிடித்துவிட்டால் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், முதலில் ஸ்டென்டோ முதுகுக் குழாயோ வைத்து வடியவிடுவார்கள். கல்லைப் பிறகு பார்ப்பார்கள்.

அப்புறம், லேசருக்குப் போனால் ஸ்டென்டை எடுக்கும் தேதியை வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். வலி போனதும் அதை மறந்து மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டென்டின் மேலேயே கல் படிந்து, அதை எடுக்க மறுபடி லேசர் தேவைப்பட்டது. அத்தான் கடைக் கலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்புப் பேனையால் சுழித்து வைத்திருந்தார். கடைப் பையன்கள் யாருக்கோ கலியாணம் என்று நினைத்தார்களாம்.