மெயிலுக்கு நாளைக்கு, வாட்ஸ்அப்புக்கு எப்போது?

கேள்வி: தனியாளாக இணையதள வடிவமைப்பு வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்கள் மெயிலும் அனுப்புகிறார்கள், வாட்ஸ்அப்பிலும் வருகிறார்கள். வாட்ஸ்அப்பில் அரை மணி நேரம் பதில் இல்லையென்றால் வெறும் கேள்விக்குறியாக அனுப்புகிறார்கள். எதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம்? அதை வெளிப்படையாகச் சொன்னால் முகத்தில் அடித்த மாதிரி இருக்காதா?

மெயிலுக்கு ஒரு வேலை நாள், வாட்ஸ்அப்புக்கு உங்கள் வேலை நேரத்துக்குள் ஒன்றிரண்டு மணி நேரம். உங்களைப் போலத் தனியாக வேலை செய்பவருக்கு இது போதும், யாரும் குறை சொல்ல முடியாது. இணையதளத்தின் மூலையில் குட்டியாக ஒரு சாட் பெட்டி வைத்திருந்தால் மட்டும் கணக்கு வேறு. அங்கே ஆள் திரையைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பார், ஓரிரு நிமிடங்களில் பதில் வரவில்லையென்றால் மூடிவிட்டுப் போய்விடுவார். அந்தப் பெட்டிக்கு முன் எப்போதும் உட்கார முடியாது என்றால் அதை எடுத்துவிட்டு, மெயில் முகவரி கேட்கும் ஒரு படிவத்தை வைத்துவிடுங்கள்.

கேள்விக்குறி ஏன் வருகிறது என்று பாருங்கள். மெயில் அனுப்பியவருக்கு நீங்கள் அதைத் திறந்தீர்களா என்று பொதுவாகத் தெரியாது, அதனால் மறுநாள் வரை சும்மா இருப்பார். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்த நொடியில் அவருடைய கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். "பார்த்துவிட்டார், ஆனாலும் பேசவில்லை" என்பதுதான் உறுத்துகிறது, அரை மணி நேரம் ஆனது அல்ல. இந்தச் செயலிகளைக் கட்டியவர்களுக்கு யார் எப்போது வந்தார், எப்போது படித்தார் என்று ஊருக்கே காட்டுவதில் என்ன ஆனந்தமோ தெரியவில்லை, மாட்டிக்கொள்வது நாம். Privacy-யில் Read receipts-ஐ அணைத்துவைக்கலாம், ஆனால் குழுக்களில் அது செல்லாது, அணைத்தால் அடுத்தவர் படித்ததும் உங்களுக்குத் தெரியாது. அதைவிட எளிய வழி, பதில் எழுத நேரம் இருக்கும்போது மட்டும் திறப்பது. வேலை நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போதும். தவறித் திறந்துவிட்டால் "பார்த்தேன், மூன்று மணிக்கு மேல் எழுதுகிறேன்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். கேள்விக்குறி வராது.

சரி, இதைச் சொன்னால் விறைப்பாகத் தெரியுமா என்பதற்கு வருகிறேன். நேரம் சொல்வதால் யாருக்கும் மனம் நோகாது. நேரத்தை மட்டும் சொல்லிவிட்டு, அவர் சொன்ன விஷயத்தைத் தொடாமல் விட்டால்தான் நோகும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை 5.40-க்கு இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "சார், பேமெண்ட் பக்கம் ஏதோ மாதிரி இருக்கு, கொஞ்சம் பாருங்க." நீங்கள் ஆறு மணிக்குக் கடையைக் கட்டுகிறவர். பலர் இங்கே எழுதுவது இது:

"எங்கள் வேலை நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 10 முதல் மாலை 6 வரை. தங்கள் கோரிக்கை விரைவில் பரிசீலிக்கப்படும்."

இதில் அவருடைய பேமெண்ட் பக்கம் எங்கே இருக்கிறது? அதைப் படித்ததற்கான அடையாளமே இல்லை, அறிவிப்புப் பலகையில் ஒட்டிய மாதிரி இருக்கிறது. யார் பரிசீலிப்பார், "விரைவில்" என்றால் திங்களா, அடுத்த மாதமா? இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"பார்த்தேன் மேடம். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: பணம் கட்ட முடிகிறதா, இல்லை கட்டவே முடியவில்லையா? முடியவில்லை என்றால் இப்போதே உட்காருகிறேன். பக்கம் கோணலாகத் தெரிவது மட்டும்தான் என்றால் திங்கள் மதியம் 12 மணிக்குள் சரிசெய்துவிட்டு உங்களுக்குச் சொல்கிறேன்."

இதிலும் நீங்கள் இரண்டு நாள் தள்ளித்தான் போடுகிறீர்கள், ஆனால் யாரும் உங்களைக் கடுகடுப்பான ஆள் என்று சொல்லமாட்டார்கள். விஷயத்தைப் படித்தது தெரிகிறது, "நான்" செய்வேன் என்று ஒரு ஆள் தெரிகிறார், கிழமையும் மணியும் இருக்கிறது. பணம் கட்ட முடிகிறதா என்கிற கேள்வியைத்தான் பலர் கேட்க மறக்கிறார்கள், அவசரமா இல்லையா என்பது அதில்தான் தீர்மானமாகிறது. "அவசரமா?" என்று நேராகக் கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று கேளுங்கள்.

கிழமையும் மணியும் என்று சொன்னேன் இல்லையா, அதில் ஒரு சின்னக் கண்ணி. "24 மணி நேரத்துக்குள் பதில் தருவோம்" என்று எழுதிவைத்தால் வெள்ளி மாலை வந்த மெயிலுக்குச் சனி மாலை கெடு முடிந்துவிடும். நீங்கள் மனதில் நினைத்தது திங்கள். "ஒரு வேலை நாள்" என்று எழுதுங்கள், பதிலில் கிழமையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். அப்புறம், கணக்குப் போட்டதைவிடக் கொஞ்சம் தள்ளியே சொல்லுங்கள். பத்து மணிக்கு முடியும் என்று தோன்றினால் 12 என்று சொல்லுங்கள். பத்து என்று சொல்லிப் பதினொன்றுக்குக் கொடுத்தால் தாமதம், 12 என்று சொல்லிப் பதினொன்றுக்குக் கொடுத்தால் நல்ல பெயர். வேலை அதேதான்.

இப்போது ஒரு விதிவிலக்கு, இதை நான் எவ்வளவு சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாமல் விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். தளம் திறக்கவே இல்லை, பணம் வாங்க முடியவில்லை, தவறான விலை வெளியில் தெரிகிறது. இந்த மாதிரி நேரங்களில் மெயிலுக்கு ஒரு நாள், வாட்ஸ்அப்புக்கு இரண்டு மணி என்கிற கணக்கெல்லாம் செல்லாது. இதற்கென்று ஒரு மூன்றாவது வழி வேண்டும், அது தொலைபேசி. வேலையை ஒப்புக்கொள்ளும்போதே சொல்லிவிடுங்கள்: "தளம் நின்றுபோனாலோ, பணம் வாங்க முடியாமல் போனாலோ எந்த நேரமும் கூப்பிடுங்கள், மற்றதெல்லாம் மெயிலில் போடுங்கள்." இந்த ஒரு கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு நாள் காத்திருக்க அவருக்கு மனம் வரும். அவசரத்துக்கு வழியே இல்லாதபோது எழுத்துருவை மாற்றச் சொல்வதைக்கூட அவசரம் என்றே எழுதுவார். எதெல்லாம் அவசரம் என்பதை இரண்டு மூன்று பொருளாகப் பெயர் சொல்லி எழுதுங்கள், "முக்கியமானவை" என்று பொதுவாக விட்டால் எல்லாமே முக்கியம்தான். லோகோ நிறத்துக்காக ஒருவர் இரவில் கூப்பிட்டால்? எடுங்கள், கேளுங்கள், "இதை நாளை காலை பார்க்கிறேன், ஒரு மெயில் போட்டுவிடுங்கள், விட்டுப்போகாது" என்று சொல்லி வையுங்கள். இரண்டாவது முறையும் அப்படியே சொல்லுங்கள். குரலை உயர்த்தத் தேவையில்லை, லோகோ நிறத்தை அந்த இரவே மாற்றிக் கொடுக்காமல் இருந்தால் போதும். அந்த இரவே மாற்றிக் கொடுத்துவிட்டு மறுநாள் விதி பேசினால் யார் நம்புவார்கள்? தளத்தைப் பராமரிக்கும் பொறுப்பு உங்களுடையது இல்லை என்று முதலிலேயே எழுதிக்கொண்டிருந்தால் மட்டும் இந்தக் கதவு தேவையில்லை, ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்றாவது எழுதிக் கொடுங்கள்.

இனி, உங்களைத் தேடி வரப்போகிறவர்களைப் பற்றி. வாட்ஸ்அப்பில் தொழில் செய்கிறவர் என்று தெரிந்தாலே "எந்த நேரமும் உடனடிப் பதில்" என்று ஒரு தொகுப்பை விற்க ஒருவர் வந்து நிற்பார். முதல் பதில் மூன்றே நொடியில் போகிறது என்று வண்ண வண்ணமாக ஒரு வரைபடம் காட்டுவார். அந்த மூன்று நொடியில் போவது "உங்கள் செய்தி எங்களுக்கு மிக முக்கியம்" என்கிற தானியங்கி வரி. அதையும் பதில் என்று எண்ணிக் காட்டுகிறார்கள். மனிதர் எழுதிய முதல் பதில் எத்தனை மணி நேரத்தில் போனது, அதைத் தனியாகக் காட்டுங்கள் என்று கேளுங்கள், பேச்சு திசை மாறும்.

அவர் வாய் திறக்காத இன்னொன்று இருக்கிறது. நீங்கள் இப்போது போனில் வைத்திருக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் எப்போது வேண்டுமானாலும் பதில் எழுதலாம். அவர் மாற்றச் சொல்வது நிறுவனங்களுக்கான ஏபிஐ இணைப்புக்கு. அதில் வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம் வரைதான் நீங்கள் நினைத்ததை எழுத முடியும். அது கடந்தால் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய வார்ப்புருச் செய்தியைத்தான் அனுப்ப முடியும், அதற்குக் கட்டணம். வெள்ளி மாலை வந்த செய்திக்குத் திங்கள் காலை பதில் எழுத உட்கார்ந்தால் கதவு சாத்தியிருக்கும். வேலை நேரத்துக்குள் பதில் என்று நிம்மதியாக வைத்த உங்கள் விதி அங்கே உடைந்துபோகும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து செய்தி வருகிற ஆளுக்கு இந்த இணைப்பு எதற்கு?

தானியங்கிச் செய்தியே வேண்டாம் என்று சொல்லவில்லை. செயலியிலேயே Away message இருக்கிறது, காசு கேட்காது. அதில் Outside of business hours என்பதைத் தேர்ந்தெடுங்கள், எல்லா நேரமும் போகும்படி வைத்தால் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே அது போய் நிற்கும். வாசகம் சிறியதாக இருக்கட்டும்: "இப்போது வேலை நேரம் முடிந்துவிட்டது. அடுத்த வேலை நாள் காலை 11 மணிக்குள் நானே பதில் எழுதுகிறேன். தளம் நின்றுபோயிருந்தால் இதே எண்ணுக்குக் கூப்பிடுங்கள்." ஒன்று கவனியுங்கள், உங்கள் போனில் இணையம் இருந்தால்தான் இது போகும். டேட்டாவை அணைத்துவிட்டுத் தூங்குகிறவர் என்றால் வாடிக்கையாளர் அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கோடு நிற்கும், உங்கள் வாசகமும் போகாது. ஜிமெயிலின் Vacation responder-ஐ ஊருக்குப் போகும் நாட்களுக்கு மட்டும் வையுங்கள். அது ஒரே ஆளுக்கு நான்கு நாளுக்கு ஒரு முறைக்கு மேல் போகாது, அதனால் தினமும் போய்த் தொல்லை தராது.

ஏற்கெனவே இருக்கும் வாடிக்கையாளர்களுக்கு "எங்கள் புதிய பதில் நேரக் கொள்கை" என்று சுற்றறிக்கை மட்டும் அனுப்பிவிடாதீர்கள், ஏதோ சண்டை நடந்த மாதிரி இருக்கும். அடுத்து அவரவருக்கு எழுதும் பதிலின் கடைசியில் ஒரு வரி சேருங்கள்: "மாற்றங்களை மெயிலில் போட்டால் எனக்கு விட்டுப்போகாது, அடுத்த வேலை நாளுக்குள் பதில் தந்துவிடுகிறேன், வாட்ஸ்அப்பை நான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் பார்க்கிறேன்." அதற்குப் பிறகும் வாட்ஸ்அப்பிலேயே மாற்றம் அனுப்புகிறவர் இருப்பார். அவருடைய செய்தியை நீங்களே மெயிலில் ஒட்டி, அங்கிருந்தே பதில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் "மெயிலில் பதில் போட்டிருக்கிறேன்" என்று மட்டும் போடுங்கள். வேலை நகர்வது எங்கே என்று தெரிந்தால் அவரும் அங்கே வந்துவிடுவார்.