சார்ஜர் சுடுகிறதா? எங்கே சுடுகிறது என்று பாருங்கள்

கேள்வி: ஹட்டன் பக்கம் இருக்கிறோம். இந்தக் குளிரிலயும் ராத்திரியில போன் சார்ஜர் கை வைக்க ஏலாத அளவு சுடுது. 20 வாட் சார்ஜர். இது சாதாரணமா, இல்ல பாவிக்கிறத நிறுத்தணுமா?

பதில்:

நிறுத்துங்கள். சார்ஜரைத் தூக்கி எறிவதற்கு முன் சூடு எந்த இடத்தில் வருகிறது என்று மட்டும் பார்த்துவிடுங்கள். பழுது வேறு எங்காவது இருந்தால் புதுசு வாங்கினாலும் அதுவும் சுடும்.

20 வாட் சார்ஜர் முழு வேகத்தில் ஓடும்போது கரண்டில் இருந்து ஏறக்குறைய 23 வாட் எடுக்கும். மிச்சம் 3 வாட் சூடாகத்தான் போக வேண்டும். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பெட்டிக்குள் 3 வாட் என்றால், சுற்றியுள்ள காற்றை விட 25, 30 பாகை கூடுவது இயல்பு. கொழும்பில் 30 பாகை வெயிலில் அது 55, 60 வரை போகும். உங்கள் பக்கம் ராத்திரி 15 பாகை என்றால் அதே சார்ஜர் 45ஐத் தாண்டக்கூடாது. 45 என்பது வெந்நீர் மாதிரி, கொஞ்ச நேரம் கஷ்டமில்லாமல் பிடித்திருக்கலாம். 50க்கு மேல் பத்து விநாடி பிடிப்பதே கஷ்டம், 60ல் கை தானாக விலகிவிடும். ஆகவே குளிர் இடத்தில் கை வைக்க ஏலாத சூட்டை 'எல்லா சார்ஜரும் சுடும்தானே' என்று விட்டுவிட முடியாது.

முதலில் சார்ஜர் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். குளிருக்காகப் போனைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு, எக்ஸ்டென்ஷன் வயரில் செருகிய சார்ஜரும் அதற்குள்ளேயே கிடந்தால் அந்த 3 வாட் வெளியே போக வழியில்லை. நல்ல சார்ஜரும் அப்படிச் சுடும். வெளியே எடுத்து, மேசையில் அல்லது வெறும் தரையில் வைத்து அரை மணி நேரம் பாருங்கள். போன் 20 வீதத்தில் இருக்கும்போது சோதியுங்கள், அப்போதுதான் சார்ஜர் முழுதாக உழைக்கும். 80ஐத் தாண்டினால் வேகம் தானாகக் குறையும், சூடும் இறங்க வேண்டும். போன் நிறைந்த பிறகும், அல்லது போனையே கழற்றிய பிறகும் சார்ஜர் சுட்டுக்கொண்டே இருந்தால் பழுது உள்ளேதான். அதைத் திரும்பச் செருக வேண்டாம்.

வெளியே வைத்தும் சுட்டால் சூடு உடம்பிலா, ஊசி உள்ள பக்கத்திலா என்று பிரித்துப் பாருங்கள். தொடுவதற்கு முன் சுவிட்சை அணையுங்கள். பெட்டி முழுக்க ஒரே மாதிரி சூடு என்றால் சார்ஜரின் சிக்கல். செருகும் பக்கம் மட்டும் கொதித்து மறுபக்கம் வெதுவெதுப்பாக இருந்தால் மல்டி பிளக்கைச் சந்தேகியுங்கள்.

ஒரே சொக்கட்டில் மல்டி பிளக் போட்டு, அதில் சார்ஜரும் கேத்தலும் சேர்ந்திருக்கும் வீடுகள் அநேகம். 2000 வாட் கேத்தல் கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும். மல்டி பிளக்கின் உள்ளே ஊசியைப் பிடிக்கும் பித்தளைத் தகடு தளர்ந்து, அந்த இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தாலே 8 வாட் சூடு அங்கே பிறக்கும். சார்ஜர் தானாக உண்டாக்கும் சூட்டை விட அது இரண்டரை மடங்குக்கு மேல். பக்கத்துத் துளையில் இருக்கும் சார்ஜர் அந்தச் சூட்டைத்தான் வாங்கிக்கொள்கிறது. சுடச்சுடத் தகட்டின் இறுக்கம் இன்னும் போகும், தடை கூடும், சூடும் கூடும். சார்ஜரைச் சுவரில் உள்ள வேறு சொக்கட்டில் நேரே போட்டுப் பாருங்கள். ஆறிவிட்டால் குற்றவாளி மல்டி பிளக்தான், அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். கேத்தலுக்கு எப்போதும் 13 அம்பியர் சுவர் சொக்கட்டே நல்லது. ஊசி கறுத்திருந்தாலோ சொக்கட்டின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ சொக்கட்டையும் மாற்றச் சொல்லுங்கள். அதற்கு மின்சார வேலை தெரிந்தவர்தான் வர வேண்டும்.

போனுக்குள் போகும் வயர் முனை மட்டும் சுட்டால் அது வேறு கதை. பனியும் ஈரமும் உள்ள இடத்தில் அந்தத் துளைக்குள் பஞ்சும் ஈரமும் சேரும். போனை அணைத்து, உலர்ந்த மரக்குச்சியால் மெதுவாகத் தட்டி எடுங்கள், வயரையும் மாற்றிப் பாருங்கள்.

பிளாஸ்டிக் கருகும் வாடை, 'சிர்ர்' என்ற சத்தம், பெட்டி உப்பல், இடி விழுந்த பிறகு புதிதாகச் சுடுதல், இதில் ஒன்று இருந்தாலும் சோதனை எதுவும் தேவையில்லை. சுடும் பிளக்கை வெறுங்கையால் பிடுங்காதீர்கள். சுவிட்சை அணையுங்கள், சுவிட்சே உருகியிருந்தால் மெயினை அணைத்து, ஆறிய பிறகு கழற்றுங்கள். ஈரத்துணி போட்டு ஆற்றுவது கூடவே கூடாது. பழைய சார்ஜரைத் திறந்து பார்க்க ஆசை வரும், ஆனால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் பிளக்கைக் கழற்றிய பிறகும் 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம்.