ரூபாய், அணா, பை: பழைய கணக்கைக் கூட்டுவது எப்படி?

"தாத்தாவின் பழைய கணக்கு நோட்டில் 12-7-9 என்று இருக்கிறது. இதை எப்படிப் படிப்பது, எப்படிக் கூட்டுவது?"

12 ரூபாய், 7 அணா, 9 பை. ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 பை. அடி-அங்குலம் போலத்தான்: 12 அங்குலம் சேர்ந்ததும் ஓர் அடியாவது போல, இங்கே 12 பை சேர்ந்ததும் ஓர் அணா. பத்துக்குப் பத்தாகப் போகாததால் சாதாரணக் கூட்டல் இதற்கு ஒத்துவராது.

வலது ஓரத்தில் தொடங்குங்கள். 12-7-9, 5-14-6, 3-11-10 மூன்றையும் கூட்டுவோம். பை: 9+6+10 = 25. அதில் இரண்டு பன்னிரண்டு போக 1 மிச்சம். 1 எழுதி, 2 அணாவைக் கொண்டு செல்லுங்கள். அணா: 7+14+11, அதோடு 2, ஆக 34. இரண்டு பதினாறு போக 2 மிச்சம். ரூபாய்: 12+5+3, அதோடு 2, ஆக 22. விடை 22-2-1.

தவறு பெரும்பாலும் அணாவில்தான் நடக்கும். கை பழக்கத்தில் பத்துக்கு ஒன்று கொண்டுபோய்விடும். விடையில் அணா 15-ஐயோ பை 11-ஐயோ தாண்டினால் கொண்டு செல்ல மறந்திருக்கிறீர்கள். பையில் 3, 6, 9 அடிக்கடி வரும், ஏனென்றால் காலணா 3 பை, அரையணா 6 பை.

பை என்பது பைசா அல்ல: ரூபாய்க்கு 100 பைசா என்பது 1957 ஏப்ரலில் வந்தது, அதனால் 12-7-9 என்பது 12.79 இல்லை, ஏறத்தாழ 12.48.