தனிமையைக் காட்ட எந்த லென்ஸ்?

பிளெண்டர் என்ற 3D மென்பொருளில் உருவாக்கிய காட்சியில் ஒரு பெண் அறையில் தனியாக நிற்கிறாள். தனிமை தெரிய கேமராவை எப்படி வைப்பது?

ஃபோகல் லெங்த் என்பது கேமரா எவ்வளவு அகலமாகப் பார்க்கிறது என்பதன் அளவு. எண் சிறிதானால் பார்வை அகலும். அவளை ஒரே அளவில் காட்ட 24 மி.மீ.க்குக் கேமராவை 2.4 மீட்டரிலும், 85 மி.மீ.க்கு 8.5 மீட்டரிலும் வைக்க வேண்டும். அவளுக்கு 4 மீட்டர் பின்னால் ஒரு கதவு இருப்பதாகக் கொள்வோம். முதல் ஷாட்டில் அது சிறுத்து எட்டாத தூரத்தில் தெரியும். இரண்டாவதில் கிட்டத்தட்ட இரு மடங்கு பெரிதாகி முதுகோடு ஒட்டி நிற்கும். வெறுமைக்கு முதலாவது, மூச்சுமுட்டலுக்கு இரண்டாவது என்பது என் தேர்வு. செல்ஃபியில் மூக்கு பெரிதாகி, காது பின்வாங்குமே, அதே கதைதான்.

அசைவு வேண்டுமானால் 2.4-லிருந்து 1.8 மீட்டருக்கு ஐந்தாறு விநாடியில் மெல்ல நகர்த்துங்கள். அவள் வளர, கதவு அவ்வளவாக வளராது, தனிமை கூடும். ஜூம் செய்தால் இரண்டும் சேர்ந்தே பெரிதாகும்.

பலர் நினைப்பதுபோல் இந்த இடைவெளியை உண்டாக்குவது லென்ஸ் அல்ல, தூரம்தான். கேமராவை நகர்த்தாமல் எண்ணை மட்டும் கூட்டினால் படத்தின் ஓரம்தான் வெட்டுப்படும்.